ஒரே படிவத்தில் இரண்டு மனிதர்கள்: டென்மார்க்கின் வரித் தணிக்கைச் சோதனை

மதுரையில் நான் வருமான வரிக் கணக்குப் பார்த்துக் கொடுக்கத் தொடங்கி இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. ஒவ்வொரு ஜூலையிலும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் மஞ்சள் பையோடு வருவார். பையில் இரண்டு வங்கிப் பாஸ்புக், ஓய்வூதியச் சான்று, பான் அட்டையின் நகல், கண்ணாடிக் கூடு. மூன்று ஆண்டுகளுக்கு முன், வங்கிகளும் மற்றவர்களும் வரித்துறைக்குச் சொன்னதைக் காட்டும் அவருடைய ஆண்டுத் தகவல் அறிக்கையைத் திரையில் திறந்தபோது, பாஸ்புக்குகளில் இல்லாத மூன்றாவது வங்கி ஒன்றின் பெயரில் 41,000 ரூபாய் வட்டி நின்றது.

"ஐயா, இந்த வங்கியில் வைப்புத்தொகை இருக்கிறதா?"

கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையை எட்டிப் பார்த்தார். "மருமகன் போட்டுக் கொடுத்தது தம்பி, மறந்தே போய்விட்டேன். அவர்கள் முன்பே சொல்லிவிட்டார்களா? அப்படியென்றால் சேர்த்துவிடுங்கள்."

சேர்த்தேன். மாலையில் வீட்டில் கணக்குப் பாடம் சொல்லிக் கொடுத்து மாதாமாதம் ரொக்கமாக வாங்குகிற பணத்தைப் பற்றிக் கேட்டேன். அவர் சிரித்தார். "அதையெல்லாமா எழுதுவார்கள்?"

நாற்பது ஆண்டுகள் பள்ளிக்கூடத்தில் நேர்மையைப் பாடமாக நடத்தியவர். அவரை வரி ஏய்ப்பவர் என்று சொல்ல எனக்கு நாக்கு எழாது. ஆனால் ஐந்து நிமிட இடைவெளியில் ஒரு வருமானத்துக்கு ஒரு விதமாகவும் இன்னொன்றுக்கு வேறு விதமாகவும் நடந்துகொண்டார். என் மேசைக்கு எதிரே இதை நூறு முறை பார்த்திருக்கிறேன். ஆனால் நான் பார்த்தது சான்று ஆகாது. மறைப்பவர்கள் என்னிடமும் மறைப்பார்கள். தணிக்கைக்கு எடுக்கப்படுகிறவர்களோ முன்பே சந்தேகத்துக்கு உள்ளானவர்கள். இதைச் சரியாக அளந்து பார்க்க வேண்டுமானால், குலுக்கல் முறையில் ஆயிரக்கணக்கானவர்களைப் பொறுக்கி, ஒவ்வொருவருடைய கணக்கையும் அடி முதல் நுனி வரை சோதிக்க வேண்டும். எந்த அரசாங்கம் அதற்குச் சம்மதிக்கும்? டென்மார்க் சம்மதித்தது.

புதிர்

1972இல் ஆலிங்ஹாம், சாண்ட்மோ என்ற இரு பொருளாதார அறிஞர்கள் வரி ஏய்ப்பை ஒரு பந்தயமாக எழுதிக் காட்டினார்கள். மறைத்தால் வரி மிச்சம்; அகப்பட்டால் வரியோடு அபராதம். அகப்படும் வாய்ப்பையும் அபராதத்தையும் பெருக்கிப் பார்த்துவிட்டு மனிதன் முடிவெடுக்கிறான் என்பது அவர்களின் கணக்கு. கணக்கு சரிதான், அது தரும் விடைதான் உலகத்தோடு ஒட்டவில்லை. பெரும்பாலான நாடுகளில் நூறு பேரில் ஓரிருவர் கணக்குகூட முழுத் தணிக்கைக்கு வருவதில்லை. அபராதமும் தலைபோகிற அளவு இல்லை. அப்படியானால் எல்லோரும் தாராளமாக மறைக்க வேண்டும். வளர்ந்த நாடுகளில் பெரும்பாலோர் மறைப்பதில்லையே, ஏன்?

ஸ்காண்டிநேவிய நாடுகளைப் பற்றிப் பேசும்போது இதற்கு ஒரு விடை தயாராக இருக்கும்: அங்கே மக்கள் நேர்மையானவர்கள், அரசை நம்புகிறவர்கள், வரி கட்டுவது அவர்கள் பண்பாடு. டென்மார்க்கில் இந்தச் சோதனை நடந்த காலத்தில் உயர் வருமானக்காரர் கூடுதலாகச் சம்பாதிக்கும் ஒவ்வொரு 100 குரோனரிலும் 60 குரோனரை ஒட்டி வரியாகப் போனது. அப்படியிருந்தும் வரி வந்து சேர்ந்தது. ஆகவே பண்பாடுதான் காரணம் என்று சொல்லிவிடுவது எளிது. நம் ஊர் மேடைகளிலும் இதைக் கேட்டிருப்பீர்கள். 'அங்கே பாருங்கள், இங்கே பாருங்கள்' என்ற வகை.

இதற்கு எதிரே இன்னொரு விளக்கமும் உண்டு. டென்மார்க்கின் தனிநபர் வருமானத்தில் சுமார் 95 சதவீதத்தை, அதைப் பெறுகிறவர் சொல்வதற்கு முன்பே வேறொருவர் வரித்துறைக்குச் சொல்லிவிடுகிறார். சம்பளத்தை முதலாளி சொல்கிறார், வட்டியை வங்கி சொல்கிறது, ஓய்வூதியத்தை ஓய்வூதிய நிதியமும் உதவித்தொகையை நகராட்சியும் சொல்கின்றன. இவைதான் மூன்றாம் தரப்புத் தகவல்கள். ஒருவேளை அந்த மக்களுக்கு மறைக்க மனம் இல்லாமல் இல்லை, மறைக்க இடம்தான் இல்லையோ?

சோதனை

ஹென்ரிக் கிளெவன், இமானுவேல் சாயெஸ் உள்ளிட்ட ஐந்து ஆய்வாளர்களும் டென்மார்க் வரித்துறையும் சேர்ந்து 40,000 பேருக்கு மேல் கொண்ட ஒரு மாதிரியை எடுத்தார்கள். அதில் சுமார் 25,000 பேர் சம்பளக்காரர்களும் உதவித்தொகை பெறுவோரும். மீதி 17,000 சொச்சம் பேர் சுயதொழில் செய்பவர்கள். 2006ஆம் ஆண்டு வருமானத்துக்கான கணக்கை இவர்கள் 2007இல் தாக்கல் செய்தார்கள். தாக்கல் முடிந்த பிறகு, குலுக்கலில் பாதிப் பேர் தனியே எடுக்கப்பட்டு முழுத் தணிக்கைக்கு உட்படுத்தப்பட்டார்கள். தணிக்கை வரப்போவது முன்கூட்டி யாருக்கும் தெரியாது. மற்ற பாதிப் பேரை யாரும் தொடவில்லை.

இங்கே டென்மார்க்கின் நடைமுறையைக் கொஞ்சம் அருகில் பார்க்க வேண்டும். ஜனவரி முடிவதற்குள் முதலாளிகளும் வங்கிகளும் முந்தைய ஆண்டுக்கான தகவலை அனுப்பிவிடுவார்கள். ஒவ்வொரு தகவலோடும் உரியவரின் பத்து இலக்க அடையாள எண் இருக்கும். 1968இல் தொடங்கிய இந்த எண்ணின் முதல் ஆறு இலக்கங்கள் பிறந்த நாள், மாதம், ஆண்டு. மார்ச் நடுவில், தெரிந்த தொகைகளையெல்லாம் முன்கூட்டியே நிரப்பிய கணக்கு வீட்டுக்கு வரும். மே 1ஆம் தேதிக்குள் திருத்த வேண்டியதைத் திருத்தலாம், விட்டுப்போனதைச் சேர்க்கலாம். ஒன்றும் செய்யாமல் இருந்தால் அதுவே இறுதிக் கணக்கு. மௌனமே கையெழுத்து.

ஆக ஒவ்வொருவர் படிவத்திலும் இரு வகைத் தொகைகள் அடுத்தடுத்து நிற்கின்றன: அரசுக்கு முன்பே தெரிந்தவை, அவர் வாயால் சொன்னால்தான் தெரிபவை. நேர்மையானவர்களையும் நேர்மையற்றவர்களையும் தனித்தனிக் கூட்டமாக ஒப்பிட வேண்டியதில்லை. அதே மனிதர், அதே ஆண்டு, அதே படிவம். ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் உள்ள வேறுபாட்டைப் பார்த்தால் போதும். சோதனையின் அழகு இதில்தான் இருக்கிறது என்பேன்.

முடிவு இது. மூன்றாம் தரப்பு சொல்லிய வருமானத்தில் மறைக்கப்பட்டது அரை சதவீதத்துக்கும் கீழே. தானே சொல்ல வேண்டிய வருமானத்தில் மறைக்கப்பட்டது சுமார் 40 சதவீதம். நாட்டின் மொத்தத்துக்கு ஏய்ப்பு 2 சதவீதத்தைச் சுற்றி நிற்பதன் ரகசியமும் இங்கேயே இருக்கிறது. 100 குரோனர் வருமானத்தில் 95 குரோனர் முதல் வகை, அதில் கசிவு கால் குரோனர் அளவு. 5 குரோனர் இரண்டாம் வகை, அதில் கசிவு 2 குரோனர். கூட்டினால் 2 குரோனருக்குச் சற்று மேல். நேர்மைக்குப் பெயர்போன அந்த நாட்டில், சொன்னால்தான் தெரியும் என்ற நிலை வந்தவுடன் பத்தில் நான்கு பங்கு காணாமல் போகிறது. நம் தலைமையாசிரியர் கோபன்ஹேகனில் பிறந்திருந்தாலும் அதே ஆளாகத்தான் இருந்திருப்பார்.

ஆய்வாளர்கள் இன்னொன்றையும் பார்த்தார்கள். ஆணா பெண்ணா, மணமானவரா, வயது என்ன, சொந்த வீடு உண்டா என்பதையெல்லாம் வைத்து யார் மறைப்பார் என்று கணிக்க முயன்றார்கள். அவற்றால் மிகக் கொஞ்சமே விளங்கியது. சுய அறிவிப்பு வருமானம் இருக்கிறதா, எவ்வளவு இருக்கிறது என்ற ஒன்றே அவையெல்லாம் சேர்ந்து சொன்னதைவிடப் பல மடங்கு சொல்லியது.

கடிதங்கள்

இரண்டாம் ஆண்டில் சோதனையின் மறுபாதி நடந்தது. 2007ஆம் ஆண்டு வருமானத்துக்கான கணக்கு முடிவாவதற்கு முன், 2008 வசந்தத்தில், சம்பளக்காரர்களை மீண்டும் குலுக்கினார்கள். ஒரு பிரிவினருக்கு உங்கள் கணக்கு நிச்சயம் தணிக்கைக்கு வரும் என்று கடிதம் போனது. இன்னொரு பிரிவினருக்கு உங்களில் பாதிப் பேர் கணக்கு தணிக்கைக்கு வரும் என்று போனது. மூன்றாம் பிரிவினருக்குக் கடிதமே இல்லை.

கடிதம் பெற்றவர்கள் தங்கள் கணக்கை உயர்த்தித் திருத்தினார்கள். 'நிச்சயம்' என்ற கடிதம், 'பாதி' என்ற கடிதத்தைவிடக் கூடுதலாக உயர்த்தியது. ஆனால் உயர்ந்ததெல்லாம் சுய அறிவிப்புக் கட்டங்களில் மட்டும். சம்பளக் கட்டமும் வட்டிக் கட்டமும் அசையவே இல்லை. முந்தைய ஆண்டில் தணிக்கையைச் சந்தித்தவர்களிடமும் அதே கதைதான்: அடுத்த ஆண்டு சுய அறிவிப்பு கூடியது, மற்றது இருந்த இடத்தில் இருந்தது.

ஏன் அசையவில்லை என்பதை ஒரு கற்பனை ஆளை வைத்துப் போட்டுப் பார்க்கலாம். ஓடென்ஸ் நகரத்தில் ஒரு செவிலியர். மருத்துவமனைச் சம்பளம் 3,60,000 குரோனர். வார இறுதியில் திருமணங்களுக்குப் புகைப்படம் எடுத்துக் கொடுத்து ரொக்கமாக 20,000 குரோனர் சம்பாதிக்கிறார். கணக்கு எளிதாக இருக்க, வரி 40 சதவீதம் என்றும், அகப்பட்டால் மறைத்த வரிக்குச் சமமான அபராதம் என்றும் வைத்துக்கொள்வோம். 20,000 குரோனரை மறைத்தால் மிச்சமாகும் வரி 8,000.

புகைப்பட வருமானத்தை அவர் எழுதாமல் விடுகிறார். தணிக்கை வரும் வாய்ப்பு நூற்றுக்கு 2. நூறில் 98 தடவை 8,000 மிச்சம், 2 தடவை 8,000 அபராதம். சராசரியில் 7,840இலிருந்து 160 போக, 7,680 குரோனர் ஆதாயம். இப்போது அதே 20,000ஐச் சம்பளக் கட்டத்தில் குறைத்து 3,40,000 என்று எழுதுகிறார் என்று வைப்போம். மருத்துவமனை 3,60,000 என்று அனுப்பிய எண் கணினியில் உட்கார்ந்திருக்கிறது. இரண்டையும் கழித்துப் பார்க்க அதிகாரியே வேண்டாம். அகப்படும் வாய்ப்பு 95 என்றால், 400 குரோனர் ஆதாயத்துக்கு எதிரே 7,600 நட்டம்; சராசரியில் 7,200 குரோனர் கையைக் கடிக்கிறது.

இந்தப் பந்தயத்தில் ஆதாயமும் நட்டமும் சமமாகும் புள்ளி, அகப்படும் வாய்ப்பு 50 சதவீதமாகும் இடம். புகைப்படக் கட்டத்தில் அவர் 2இல் நிற்கிறார். கடிதம் அவரை 50க்கோ 100க்கோ தூக்குகிறது, நடத்தை மாறுகிறது. சம்பளக் கட்டத்தில் அவர் முன்பே 95இல் நிற்கிறார். அங்கே கடிதம் புதிதாக எதையும் சேர்ப்பதில்லை. ஆலிங்ஹாமும் சாண்ட்மோவும் எழுதிய கணக்கு தப்பில்லை. தணிக்கை விகிதத்தை எல்லா வருமானத்துக்கும் ஒரே எண்ணாக எடுத்துக்கொண்டதுதான் மற்றவர்கள் செய்த தப்பு. நூற்றுக்கு 2 என்பது அதிகாரி கதவைத் தட்டும் வாய்ப்பு. பொய் வெளிப்படும் வாய்ப்பு ஒவ்வொரு கட்டத்துக்கும் வேறு.

இதைச் செலவுக் கோணத்திலும் பார்க்க வேண்டும். முழுத் தணிக்கை என்பது ஒரு ஊழியர் ஒரு கணக்கோடு நாள்கணக்கில் உட்கார்வது. எல்லோருக்கும் அதைச் செய்ய எந்த நாட்டாலும் முடியாது. முதலாளியின் அறிக்கையோ, எப்படியும் போட வேண்டிய சம்பளப் பட்டியலின் ஒரு நகல்.

முதலாளி ஏன் உண்மையைச் சொல்கிறார்?

என் வாடிக்கையாளர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. முதலாளியும் தொழிலாளியும் பேசி வைத்துக்கொண்டு சம்பளத்தைக் குறைத்துக் காட்டினால் வரித்துறை என்ன செய்யும்? நியாயமான கேள்வி. மூன்றாம் தரப்பு என்பவர் வரி கட்ட வேண்டியவரோடு கூட்டுச் சேர்ந்துவிட்டால் அந்தத் தகவலுக்கு மதிப்பு ஏது?

முதல் தடை, இருவரின் ஆதாயமும் எதிரெதிரே இழுப்பது. தொழிலாளிக்கு வருமானமாக நிற்கும் ஒவ்வொரு ரூபாயும் முதலாளிக்குச் செலவு. அந்தச் செலவைக் காட்டினால்தான் அவருடைய லாபம் குறையும், லாபத்தின் மீதான வரி குறையும். தொழிலாளியின் சம்பளத்தை மறைத்தால் அந்த ரூபாய்க்கான வரி முதலாளியின் தலையில் விழும். சமூகப் பாதுகாப்புப் பிடித்தங்கள் அதிகமாக உள்ள நாடுகளில் இந்தக் கயிறு தளர்ந்துவிடுவதும் உண்டு. சம்பளத்தைக் குறைத்துக் காட்டுவது அங்கே இருவருக்குமே லாபம்.

இரண்டாம் தடையை கிளெவன், கிரைனர், சாயெஸ் மூவரும் தனியே எழுதிக் காட்டியிருக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த வாதம் அது. ஒரு தேநீர்க் கடையில் முதலாளியும் இரண்டு வேலையாட்களும் இருந்தால் ரகசியம் மூன்று பேரோடு முடியும். 2,000 பேர் வேலை செய்யும் ஆலையில் சம்பளத்தைக் குறைத்துக் காட்ட வேண்டுமானால் உண்மையான பட்டியல் ஒன்று, அரசுக்குக் காட்டும் பட்டியல் ஒன்று என்று இரண்டு வைக்க வேண்டும். இரண்டையும் சம்பளப் பிரிவு அறியும், கணக்குப் பிரிவு அறியும், தன் சம்பளச் சீட்டைப் பார்க்கும் ஒவ்வொரு தொழிலாளியும் அறிவார். அவர்களில் பதவி உயர்வு கிடைக்காதவர், வேலையிலிருந்து நீக்கப்பட்டவர், பங்குதாரரோடு சண்டை போட்டவர் யாராவது ஒருவர் ஒரு கடிதம் எழுதினால் போதும். ஆள் கூடக்கூடக் கூட்டுச்சதி தானாகவே உடைகிறது. நாடு வளர்ந்து, சிறு கடைகள் குறைந்து பெரிய நிறுவனங்கள் பெருகும்போது வரி வசூல் கூடுவதற்கு இதை ஒரு முக்கியக் காரணமாக அவர்கள் சொல்கிறார்கள். அதிகாரிகள் திடீரென்று கெட்டிக்காரர்கள் ஆகிவிடுவதில்லை. ஏடு எழுதாமல் நடத்த முடியாத அளவுக்குத் தொழில் பெரிதாகிறது.

மூன்றாவது, தொழிலாளிக்கே உண்மையான எண் தேவைப்படும்படி செய்வது. இதற்கு மெக்சிகோ நல்ல சாட்சி. 1997இல் அங்கே ஓய்வூதிய முறையை மாற்றினார்கள். பழைய முறையில் ஓய்வூதியம் பெரும்பாலும் கடைசிச் சில ஆண்டுகளின் சம்பளத்தைப் பொறுத்தது. ஆகவே இளம் வயதில் நிறுவனம் எவ்வளவு குறைத்துக் காட்டினாலும் தொழிலாளிக்குக் கவலை இல்லை. புதிய முறையில் ஒவ்வோர் ஆண்டும் அறிவிக்கப்படும் சம்பளத்திலிருந்து அவரவர் பெயரில் தனிக் கணக்கில் பணம் சேரும். அதன்பின், நிறுவனங்கள் அரசுக்குச் சொன்ன சம்பளத்தையும் வீட்டுக் கணக்கெடுப்பில் தொழிலாளர்களே சொன்ன சம்பளத்தையும் ஒப்பிட்டபோது இடைவெளி குறைந்திருந்தது. குறைந்தது குறிப்பாக இளையவர்களுக்கு. பழைய முறையிலேயே ஓய்வுபெற வாய்ப்பிருந்த மூத்தவர்களுக்கு அந்த மாற்றம் அவ்வளவு இல்லை.

வங்கியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் வட்டியை மறைப்பதால் வங்கிக்கு ஒரு காசு லாபமில்லை, அகப்பட்டால் உரிமத்துக்கே ஆபத்து. கணினி இரவோடு இரவாக அனுப்பிவிடும்.

இவையெல்லாம் வேலை செய்ய, தகவலை உரியவர் தலையில் ஏற்றும் ஓர் எண் வேண்டும். அமெரிக்காவில் வரிக் கணக்கில் தன்னைச் சார்ந்திருக்கும் குழந்தைகளின் பெயர்களைக் காட்டினால் சலுகை உண்டு. 1986 வரை பெயரை எழுதினால் போதும். அதன்பின், 5 வயது நிரம்பிய குழந்தைக்குச் சமூகப் பாதுகாப்பு எண்ணும் எழுத வேண்டும் என்றார்கள். 1987ஆம் ஆண்டுக்கான கணக்குகளில் ஏறத்தாழ 70 லட்சம் குழந்தைகள் நாட்டிலிருந்து மறைந்துபோனார்கள். அவர்களில் எத்தனை பேர் நாய்க்குட்டிகள் என்று வேடிக்கையாகக் கேட்பதுண்டு.

அமெரிக்க வரித்துறையின் சொந்த மதிப்பீடும் டென்மார்க் கதையையே படிப்படியாகச் சொல்கிறது. 2014 முதல் 2016 வரையிலான ஆண்டுகளுக்கு அவர்கள் கணித்தபடி, மூன்றாம் தரப்பு அறிக்கையோடு வரிப் பிடித்தமும் உள்ள சம்பளத்தில் தவறாகக் காட்டப்பட்டது 1 சதவீதம். பிடித்தம் இல்லாமல் நல்ல அறிக்கை மட்டும் உள்ள வட்டி, ஈவுத்தொகை போன்றவற்றில் 6. அரைகுறை அறிக்கை உள்ளவற்றில் 15. அறிக்கையே இல்லாத அல்லது மிகக் குறைவாக உள்ள, சிறுதொழில் வருமானம் போன்றவற்றில் 55. டென்மார்க் எண்களோடு இவற்றை நேராக ஒப்பிடக் கூடாது, அளக்கும் முறை வேறு. படிக்கட்டின் சாய்வு மட்டும் ஒன்றுதான்.

எங்கே ஓட்டை விழுகிறது

டென்மார்க் எண்ணையே கொஞ்சம் சந்தேகத்தோடு படிக்க வேண்டும். அரை சதவீதத்துக்கும் கீழே என்பது தணிக்கையாளர் கண்டுபிடித்த அளவு. முதலாளி பட்டியலில் போட்ட சம்பளத்துக்கு மேல் கையில் கொடுத்த ரொக்கம் எந்த ஏட்டிலும் இல்லை என்றால் தணிக்கையாளரும் அதைக் காண மாட்டார். வீட்டு வேலை, கட்டட வேலைக் கூலிகளில் இது எல்லா நாட்டிலும் உண்டு. ஆகவே இரு எண்களுமே உண்மையான ஏய்ப்பின் அடிமட்டம், உச்சவரம்பு இல்லை.

பெரிய ஓட்டை வேறிடத்தில் இருக்கிறது. மூன்றாம் தரப்பு பெரும்பாலும் வரவைச் சொல்கிறது, செலவைச் சொல்வதில்லை. சம்பளக்காரருக்கு இது சிக்கலில்லை, அவருக்கு வரவே வருமானம். வியாபாரிக்கு வரவில் செலவைக் கழித்ததுதான் வருமானம். ஈக்வடார் வரித்துறை, நிறுவனங்கள் காட்டிய விற்பனையைவிட மற்றவர்கள் சொன்ன விற்பனை கூடுதலாக இருந்த ஆயிரக்கணக்கான நிறுவனங்களுக்கு நோட்டீஸ் அனுப்பியது. பலர் பதிலே தரவில்லை. திருத்தியவர்கள் விற்பனையைப் பணிவாக உயர்த்தினார்கள். கூடவே செலவையும் உயர்த்தினார்கள். கூட்டிய ஒவ்வொரு டாலர் விற்பனைக்கும் 96 சென்ட் செலவு கூடியிருந்தது. மிச்சம் 4 சென்டுக்குத்தான் வரி. இந்த ஆய்வைப் படித்தபோது நான் வாய்விட்டுச் சிரித்தேன், ஏனென்றால் அந்த 96 சென்டை எனக்குத் தெரியும். நோட்டீஸோடு வரும் கடைக்காரர் முதலில் கேட்பது, "சார், செலவில் எதையாவது சேர்க்க முடியுமா?" என்பதுதான்.

ஆகவே வியாபாரக் கணக்கில் மூன்றாம் தரப்புத் தகவல் வேலை செய்கிறதா என்று தெரிந்துகொள்ள விற்பனை உயர்ந்ததைப் பார்த்துத் திருப்திப்படக் கூடாது. லாப விகிதத்தைப் பார்க்க வேண்டும். விற்பனை 30 சதவீதம் கூடி லாபம் அப்படியே நின்றால், மறைப்பு ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு வீடு மாறியிருக்கிறது. குறிப்பாகச் 'சில்லறைச் செலவு', 'இதரச் செலவு' என்று ரசீது தேவைப்படாத தலைப்புகளில் தொகை பருத்திருந்தால் சந்தேகம் உறுதி. டென்மார்க்கிலும் சம்பளக்காரரின் பலவீனமான இடம், வரி போடுவதற்கு முன் வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளும் கழிவுகள்தான். வேலைக்குப் போய்வரும் தூரம் நாளொன்றுக்கு 24 கிலோமீட்டரைத் தாண்டினால் கழிவு உண்டு; எத்தனை நாள் போனார், எவ்வளவு தூரம் என்பதை 51ஆம் கட்டத்தில் அவரே எழுத வேண்டும். எனவே நம் ஓடென்ஸ் செவிலியர் சம்பளத்தில் ஒரு குரோனர் பொய் சொல்லாமல், விடுப்பு எடுத்த நாளிலும் வேலைக்குப் போனதாக எழுதிவிடலாம்.

நம் நாட்டில் 2021 நவம்பரில் வந்த ஆண்டுத் தகவல் அறிக்கையிலும் இந்த ஒருபக்கப் பார்வை தெரியும். பங்கு விற்றால் விற்ற தொகை அதில் நிற்கும். வாங்கிய விலையைப் பல நேரங்களில் நாம்தான் தேடி நிரப்ப வேண்டியிருக்கும். கணவன் மனைவி சேர்ந்து போட்ட வைப்புத்தொகையின் வட்டி, பணம் யாருடையதாக இருந்தாலும், முதல் பெயருக்கு உரியவரின் பான் எண்ணில் ஏறிவிடும். தகவல் தப்பு என்று மறுக்க வழி இருக்கிறது. ஆனால் பலர் திரையில் இருப்பதே வேதவாக்கு என்று அப்படியே ஒப்புக்கொண்டு கூடுதல் வரி கட்டிவிட்டு வருகிறார்கள். அதைவிட விந்தை, திரையில் இல்லாததை வருமானமே இல்லை என்று நினைப்பவர்கள். "அறிக்கையில் வரவில்லையே, பிறகு எதற்கு?" என்று என்னிடம் கேட்டவர்களில் அரசு அதிகாரிகளும் உண்டு.

டென்மார்க் அந்தச் சோதனைக்குப் பிறகு தணிக்கையாளர்களைப் பெருக்கும் வழியில் மட்டும் போகவில்லை. முதலாளி சொன்ன கட்டங்களை வரிதாரர் கையால் மாற்ற முடியாதபடி பூட்டியது. வீட்டு அறையை வாடகைக்கு விடுவது முழுக்கச் சுய அறிவிப்பாக இருந்த இடம்; 2018இல், இணையவழியில் வீட்டு அறைகளை வாடகைக்கு ஏற்பாடு செய்யும் ஏர்பிஎன்பி நிறுவனத்தோடு ஓர் உடன்பாட்டுக்கு வந்தது. வாடகை வருமானத்தை நிறுவனமே வரித்துறைக்குச் சொல்லும். அப்படிச் சொல்லும் தளத்தின் வழியாக விடுபவருக்கு, தானே சொல்பவரைவிடக் கூடுதலான தொகைக்கு வரிவிலக்கு. கொஞ்சம் வரியை விட்டுக்கொடுத்து ஒரு சாட்சியை விலைக்கு வாங்கியிருக்கிறார்கள் என்றே நான் இதைப் படிக்கிறேன்.

தலைமையாசிரியர் போன ஜூலையிலும் வந்தார். முழங்கால் வலியால் வீட்டு வகுப்பை நிறுத்திவிட்டு, இணையவழியில் பாடம் நடத்தும் ஒரு நிறுவனத்துக்கு மாலையில் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறாராம். சம்பாத்தியம் முன்பு வாங்கியதை ஒட்டித்தான் இருக்கிறது. நான் அறிக்கையைத் திறப்பதற்கு முன்பே மஞ்சள் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். நிறுவனம் கொடுத்த தொகையும் அதில் பிடித்த 10 சதவீத வரியும் அதில் இருந்தன.

"தம்பி, இந்த வருமானத்தை விடாமல் சேர்த்துவிடுங்கள். பிடித்ததில் கொஞ்சமாவது திரும்ப வருமா?"